இடப்பக்கமிருந்து இரண்டாவது ஆள்

மகன்,

கலியாணத்துக்காக நீ கொழும்பிலிருந்து வந்து முன்கதவால் உள்ளே காலெடுத்து வைத்ததும் முதலில் உன் கண்ணில் படப்போவது அந்தச் சுவர்தான். அப்பப்பாவின் படத்தில் மாலை இருக்காது. கீழே எரிகிற சின்னச் சிவப்பு பல்பும் இருக்காது. பக்கத்தில் இன்னொரு படம், உள்ளங்கையளவில், புதிதாகத் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு, வந்திருக்கிற சனத்துக்கு முன்னால் "என்னப்பா இது" என்று சத்தம் போட்டுவிடாதே. அம்மா உனக்கு டெலிபோனில் பாதிக் கதை சொன்னாளாம், நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். சிரிக்கிற கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதிப் பாதியை அவளுக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் வாயால் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது எனக்கே தெளியுமோ பார்ப்போம்.

உனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். என் அப்பா நான் தவழுகிற வயதில் காய்ச்சலில் போனவர். எனக்கு அவருடைய முகம் ஞாபகமில்லை, குரல் ஞாபகமில்லை. என் அம்மா சொன்னவைதான் எல்லாம். துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற கயிற்றில் அகப்பட்டு அவருடைய இடக்கைச் சின்னிவிரலின் நுனி போய்விட்டது என்றும், அந்த மொட்டை விரலால் என் கன்னத்தில் தட்டித்தான் என்னை எழுப்புவார் என்றும் சொல்லுவா. அப்பா இருந்த ஒரே ஒரு படம், அன்புவழிபுரத்து வீட்டு முற்றத்தில் எடுத்த குடும்பப் படம், எங்கள் அலுமாரியில் இருந்தது. சண்டைக் காலத்தில் வீட்டை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது அலுமாரி நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா சட்டியைத் தேடவில்லை, சேலையைத் தேடவில்லை, அந்தப் படத்தைத்தான் தேடினா. அதற்குப் பிறகு அவவும் கனகாலம் இருக்கவில்லை.

அந்தப் படத்தை எடுத்தது சித்தப்பாவின் கமரா. அப்பாவின் தம்பி, கப்பலில் வேலைக்குப் போனவர். லீவில் வந்தபோது கமரா கொண்டுவந்து, எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு பட்டனை அமத்துவித்திருக்கிறார். கழுவி எடுத்த படத்தில் ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அவருக்கு. நெகட்டிவும் அவரோடு போய்விட்டது. அவர் பிறகு கனடாவில் தங்கிவிட்டார், திருகோணமலைக்கு வரவேயில்லை. சித்தி யாழ்ப்பாணம். அவர்களின் மகள், என் தங்கச்சி முறையான வதனா, உனக்கு மாமி, யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டில் வளர்ந்து பெரிய பிள்ளையானபின் கனடாவில் தகப்பனிடம் போய்ச் சேர்ந்தவள். இன்றைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான். என் சித்தப்பா உயிரோடிருக்கிறார் என்பதை நன்றாக மனதில் வைத்துக்கொள். கதையின் வில்லங்கமே அதில்தான் இருக்கிறது.

என் கலியாணம் வந்தபோது, அப்பா அம்மாவின் படம் இல்லாமல் எங்கே விழுந்து கும்பிடுவது என்று ஒரு கவலை வந்தது. அம்மாவின் படம் அடையாள அட்டையில் இருந்தது. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. சித்தப்பாவுக்கு எழுதினேன். அவர் நெகட்டிவை ஒரு தாளில் மடித்துக் கடிதத்தோடு அனுப்பிவிட்டு, டெலிபோனில் சொன்னார்: நிற்கிற வரிசையில் இடப்பக்கத்தில் இரண்டாவது ஆள் உன் அப்பா. லைன் அறுந்து அறுந்து வந்தது. நான் கேட்டது அவ்வளவுதான். பட்டினத்து ஸ்டூடியோ ஒன்றில் நெகட்டிவைக் கொடுத்து முழுப்படத்தையும் ஒருமுறை அடித்து எடுத்தேன். பிறகு இடப்பக்கமிருந்து இரண்டாவதாக நின்றவரின் தலையைத் தனியே பெருப்பிக்கச் சொன்னேன். தலை மட்டும் பெருப்பித்தால் புகைபோல இருந்தது. ஸ்டூடியோக்காரர் கண்ணிமையையும் மீசையையும் தூரிகையால் திருத்தி, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வரைந்து தந்தார். அப்பா வாழ்நாளில் டை கட்டியவரோ தெரியாது. அந்தக் காலத்தில் எல்லாருடைய அப்பாவும் ஸ்டூடியோவில் கோட்டுப் போட்டார்கள். நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே நின்றுபோய்விட்டது. பிறகு ஸ்டூடியோவும் இல்லை.

அந்தப் படத்தின் முன்னால்தான் நானும் உன் அம்மாவும் மாலை மாற்றிவந்து விழுந்து கும்பிட்டோம். நீ பிறந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குத்தான் முதலில் காட்டினேன். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் விரதமிருந்து, கடலில் முழுகி, வந்து படைத்ததும் அந்த முகத்துக்குத்தான். நான் வேலை செய்த பண்டகசாலையில் என்னோடு யாரும் கொழுவினால், வீட்டுக்கு வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு அவரிடம்தான் சொல்லுவேன். வந்து பார்த்த சொந்தக்காரர் எல்லாரும் அச்சொட்டாக உன் அப்பாதான் என்றார்கள். மாலை போட்ட படத்தைப் பார்த்து வேறென்ன சொல்லுவார்கள்? லிங்கநகரில் இருந்த அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் மட்டும், கண் கொஞ்சம் வேறுமாதிரி இருக்குதே என்றார். அது தூரிகை வேலை என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

போன மாதம் உன் கலியாணத்துக்கு எடுத்த சேலையைக் காட்ட உன் அம்மா வதனாவுக்கு வீடியோக் கோல் எடுத்தாள். வழக்கமாகக் குசினியில் அடுப்படியில் இருந்து கதைக்கிறவள், அன்றைக்குச் சேலையின் நிறம் வெளிச்சத்தில் தெரியட்டும் என்று முன்பக்கம் வந்து நின்றாள். வதனா சேலையைப் பார்க்கவில்லை. உன் அம்மாவின் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, சுவரில இருக்கிற படம் யாற்ற?"

"எங்கட அப்பாட. வேற யாற்ற?"

"அண்ணா, அது என்ர அப்பா."

மகன், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கனடாவில் இருந்தால் எங்கள் வீட்டுச் சுவரும் உங்களுடையதோ என்று வாய்வரைக்கும் வந்தது. அவள் அழுதாள். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறீர்களே என்றாள். பிறகு தன்னாலேயே சிரித்தாள், அதுதான் அப்பாவுக்கு ஆயுசு கெட்டியாகக் கிடக்குது போல என்று. சித்தப்பாவின் இளவயதுப் படங்கள் இரண்டு மூன்றை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கப்பல் தட்டில் நிற்கிறார், தொப்பி போட்டிருக்கிறார். பார்த்தால் எங்கள் சுவர்க்காரரின் சாயல்தான். ஆனால் அண்ணன் தம்பிக்குச் சாயல் இருக்காதா? எனக்குத் தெரிந்த சித்தப்பா, வருசத்துக்கு ஒருக்கால் வருகிற படத்தில் வழுக்கை விழுந்து, கண்ணாடி போட்டு, குளிர்க்கோட்டுக்குள் புதைந்திருக்கிற கிழவர். அவரை வைத்து நான் எதைப் பிடிப்பது?

அடுத்ததாக முற்றத்துக் குடும்பப் படத்தை அனுப்பினாள். நான் என்னிடமிருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலை சுற்றிப்போச்சு. அதே ஆட்கள், அதே சட்டைகள், ஆனால் எல்லாரும் இடம் மாறி நிற்கிறார்கள். என்னுடையதில் இடப்பக்கம் இரண்டாவதாக நிற்கிறவர், அவளுடையதில் வலப்பக்கம் இரண்டாவது. நடுவில் நிற்கிற என் பெரியப்பாவும், அவருக்கு முன்னால் கதிரையில் என்னை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற அம்மாவும் மட்டும் நடுவிலேயே இருக்கிறார்கள். ஒன்று கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருக்கிறது. எது? நீ முன்கமராவால் எடுத்திருப்பாய், சில போன் முன்கமராவில் எடுத்ததைத் திருப்பித்தான் வைக்கும் என்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். அவள் பின்கமரா என்று சத்தியம் பண்ணினாள். ஒரு பகல் முழுக்க இந்தச் சண்டை.

உன் அம்மா சேலையை மடித்து வைத்துவிட்டு வந்து, எட்டிப் பார்த்தாள். "இஞ்ச பாருங்கோ, உங்கட படத்தில பொம்பிளையள் எல்லாரும் சேலைத் தலைப்பை வலத்தோளில போட்டிருக்கினம். ஆம்பிளையளின்ர பொக்கற்றும் வலப்பக்கம். இப்பிடி ஒரு ஊர் எங்க இருக்கு?" என்றாள். அத்தனை வருசம் அலுமாரிக்குள் இருந்த படம், மகன். நான் தலைகளை மட்டும் பார்த்திருக்கிறேன். ஸ்டூடியோவில் நெகட்டிவைப் புரட்டி வைத்து வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். பளபளப்பான பக்கம் எது, மங்கின பக்கம் எது என்று பார்த்து வைக்கவேண்டியது. மங்கின பக்கம் தாளைப் பார்க்கவேண்டும். அவசரத்தில் மாறிப்போனால் இடது வலதாகும், வலது இடதாகும், படம் மட்டும் வடிவாக வரும். ஒருவருக்கும் சந்தேகம் வராது.

அப்படியென்றால் வதனா சொன்னது சரி, விசயம் முடிந்தது என்று நீ நினைப்பாய். எனக்கு முடியவில்லை. சித்தப்பா சொன்ன இடப்பக்கம், யாருடைய இடப்பக்கம்? படத்தைப் பார்க்கிறவரின் இடப்பக்கமா, அதில் நிற்கிறவர்களின் இடப்பக்கமா? அவர் அந்த வரிசையில் நின்ற மனிசன். நின்ற ஞாபகத்தில் தன் இடப்பக்கத்தைச் சொல்லியிருந்தால், பிழையான படத்தில் சரியான ஆளை நான் எடுத்திருக்கிறேன் என்றாகும். இரண்டு பிழை சேர்ந்து ஒரு சரி. படத்தில் நின்ற மற்றப் பெரியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. அவரிடமே கேட்கலாம் என்றால், அவருக்கு இப்போது ஞாபகம் தட்டுப்படுவதில்லை. வதனா படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். தன் அப்பா என்று அவள் சொல்கிற அதே ஆளின்மேல் விரலை வைத்து, "அண்ணா" என்றாராம் அவர். தன் இளவயது முகத்தையே மறந்து அண்ணன் என்று நினைக்கிறாரா, இல்லை அவர் சொல்வதுதான் உண்மையா? வதனாவும் குழம்பிவிட்டாள். உன் கலியாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நீயும் வரப்போகிற பிள்ளையும் யாரை விழுந்து கும்பிடப்போகிறீர்கள் என்று எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு.

மிஞ்சியது அந்த விரல் ஒன்றுதான். வதனாவின் படத்தில் அம்மாவின் கதிரைச் சாய்மானத்தில் யாரோ கை வைத்திருப்பதுபோல ஒரு வெளிறல் தெரிந்தது. பெரியப்பாவின் ஒரு பக்கத்தில் நிற்கிறவருடைய இடக்கை. விரித்துப் பார்த்தால் சதுரம் சதுரமாக உடைந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சப்பிச் சுருக்கித்தான் அனுப்பும். என்னுடைய திரும்பின படத்தில் அந்த இடம் வெறும் மூட்டம். அந்தக் காலத்துத் தாளில் அடித்த முதற்படத்தில்தான் அது இருக்கவேண்டும். அப்போதுதான் வதனாவுக்குக் கடிதம் எழுதினேன், ஒறிஜினலை அனுப்பு என்று.

டெலிபோனில் கேட்டிருக்கலாம். கேட்டால் இடையில் சித்தப்பா கூப்பிடுவார், அவள் ஓடுவாள், பாதியில் நிற்கும். பண்டகசாலையில் வேலை செய்தவன் நான், எந்தப் பொருளையும் எப்படிக் கட்டி அனுப்பவேண்டும் என்று எழுதாமல் எனக்கு நித்திரை வராது. நாலு பக்கம் எழுதி, பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். எழுத்துத் தெரியவில்லை, ஒறிஜினல் கடிதத்தை அனுப்புங்கோ அண்ணா என்று பகிடி பண்ணினாள். வெளிச்சத்தில் வைத்துத் திரும்பவும் எடுத்து அனுப்பினேன்.

அதில் எழுதியதை உனக்கும் சொல்கிறேன், உன் கலியாணப் படங்களுக்கும் உதவும். முதலாவது, அனுப்ப முன்னம் ஒரு பிரதி எடுத்து வை, வழியில் தொலைந்தால் நிழலாவது மிஞ்சும். போனால் எடுக்காதே, மூடி வைத்து எடுக்கிற ஸ்கானரில் போடு, உள்ளதில் கூடின அளவில் வை, முன்பக்கமும் பின்பக்கமும் எடு. அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, டொக்கியூமென்டாக அனுப்பு, அப்போது சப்பாது. அடுத்தது, அல்பத்திலிருந்து பிய்க்காதே. அவளுடையது அந்தப் பசைத்தாள் அல்பம், மேலே பிளாஸ்ரிக் ஒட்டி மூடுகிறது. வருசக்கணக்கில் பசை இறுகிப் படத்தைப் பிடித்திருக்கும். மூலையில் நகத்தை வைத்து இழுத்தால் தாள் இரண்டாக உரியும், முகம் அல்பத்தோடு நின்றுவிடும். பல் இடுக்குக் கிண்டுகிற நூலை எடுத்து, படத்துக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, மெல்ல மெல்ல அறுக்கிறமாதிரி இழு. வரவில்லையென்றால் விட்டுவிடு, அந்தப் பக்கத்தையே சுற்றி வெட்டி அனுப்பு. செலோடேப் வேண்டாம், கிளிப் வேண்டாம், றப்பர் பாண்ட் வேண்டாம், பத்திரிகைத் தாளில் சுற்றவேண்டாம், மை ஒட்டும். வெள்ளைத் தாளில் வைத்து, இரண்டு பக்கமும் தடித்த மட்டை கொடுத்து, ஈரம் போகாத பையில் போடு. தபாலில் போடாதே. அன்புவழிபுரத்துச் சிவம் கனடாவில் உங்கள் ஊரில்தான் இருக்கிறான், தாயைப் பார்க்க வருகிறான், அவனிடம் கொடு, பெரிய பெட்டிக்குள் இல்லாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லு.

பதில் வரவில்லை. வாசித்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது. ஒன்றும் இல்லை. படத்தைத் தர மனமில்லாமல் இருக்கிறாள், அங்கே போனவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று உன் அம்மாவிடம் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அவளே எடுத்தாள். அந்தக் குரலை நான் முன்னம் கேட்டதில்லை.

"அண்ணா, அப்பா ஒரு நாளைக்கு எத்தினை தரம் அந்த அல்பத்தைப் பிரட்டுறார் எண்டு உங்களுக்குத் தெரியாது. என்ர பேர் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் வந்தால் மட்டும் நிண்டு, தடவுவார். அதை நான் எப்பிடிக் கழட்டுறது?"

செத்தவரின் முகத்துக்காக, இருக்கிறவரின் கையிலிருந்து பிடுங்குகிறேன் என்று விளங்கியது. வேண்டாம் பிள்ளை, விடு என்று சொல்லவேண்டியது. ஆனால் வாய் வரவில்லை, மகன். எனக்கும் ஒரு அப்பா வேண்டும். அறுபது தாண்டின கிழவன் சொல்கிற கதையா இது என்று நினைத்துக்கொண்டே, கொஞ்ச நாளைக்குத் தா, திருப்பி அனுப்புகிறேன் என்று கேட்டுவிட்டேன்.

அனுப்பினாள். நூலால் அறுத்து எடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போயிருக்கிறது, பின்பக்கத்தில் பசை கோடு கோடாக இருந்தது, முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. அல்பத்தில் அந்த இடத்தில் ஸ்கான் பண்ணி அடித்த படத்தை வைத்திருக்கிறாள். சித்தப்பா அந்தப் பக்கத்துக்கு வந்து, தடவிப் பார்த்து, வழுவழுவென்று இருந்தது பிடிக்காமல், இது இல்லை என்று அல்பத்தை மூடிவிட்டாராம். ஞாபகம் போன மனிசனுக்கு விரலில் ஞாபகம் இருக்கிறது. அதைக் கேட்டபோது சிவம் கொண்டுவந்த பொதி என் கையில் இருந்தது, பிரிக்கவே வெட்கமாக இருந்தது.

பிரித்தேன். அஞ்சலட்டை அளவுதான் படம். ஓரம் அலை அலையாக வெட்டின தாள். பழுப்பு ஏறியிருந்தாலும், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் கறுப்பு இருக்கிற இடமெல்லாம் வெள்ளிபோல மினுங்கியது. சாக்குகளில் இருக்கிற சின்ன எழுத்தைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனேன். அம்மா உயிரோடு இருக்கிறமாதிரி இருந்தா. அவவின் கதிரைச் சாய்மானத்தில் ஒரு கை. பெருவிரல் பின்னால் மறைந்திருக்கிறது, முன்னால் நாலு விரலும் தெரிகிறது. மூன்று விரலில் நகம் இருக்கிறது. சின்னிவிரல் பாதியில் முடிந்து உருண்டையாக நிற்கிறது. கையிலிருந்து தோளுக்குப் போனேன், தோளிலிருந்து முகத்துக்குப் போனேன். படத்தைப் பார்க்கிறவரின் இடப்பக்கமிருந்து இரண்டாவது ஆள். சித்தப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், நான்தான் அவரையே சுவரில் ஏற்றியிருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவதை யாரிடமும் சொல்லாதே. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை வரும் என்று உன் அம்மா பக்கத்திலேயே நின்றாள். வரவில்லை. யாரோ ஒரு இளந்தாரி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். உன்னைவிட வயது குறைந்தவர். இவருக்கும் எனக்கும் ஒரு கதையும் நடக்கவில்லை. என் கதையெல்லாம் கேட்டது சுவரில் கோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறவர். எது அப்பா? பெற்றவரா, இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தவரா? அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் பட்டினத்தில் இப்போதிருக்கிற ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். தலையை மட்டும் பெருப்பிக்கக் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை கெட்டிக்காரி, கவனமாகத்தான் ஸ்கான் பண்ணினாள். பெருப்பித்தால் மங்கும் அங்கிள், ஏஐ போட்டால் துல்லியமாக வரும் என்று சொல்லி, கேட்காமலே போட்டும் காட்டினாள். திரையில் ஒரு வடிவான முகம் வந்தது. கண்மடல், உதடு, பல்லு வரைக்கும் துலக்கம். சினிமாக்காரன்போல ஒருவன். அது அப்பா இல்லை. ஒறிஜினலில் இல்லாததை அது தானே நினைத்துப் போட்டிருக்கிறது, முந்தி தூரிகையால் போட்டதுபோல. இன்னொருத்தனுக்கு மாலை போட என்னால் ஏலாது தங்கச்சி, மங்கலாகவே தா என்றேன். கொஞ்சமாகத்தான் பெருப்பிக்கலாம் என்றாள். அதுதான் உள்ளங்கையளவு. கையும் தெரியவேண்டும் என்று கேட்டு, கதிரையோடு சேர்த்து எடுத்தேன்.

பழைய மாலையைக் கழற்றினேன். படத்தைக் கழற்றக் கை போகவில்லை. உன் அம்மா சொன்னாள், சித்தப்பாவும் வீட்டுக்குப் பெரியவர்தானே, இருக்கட்டும், விளக்கு மட்டும் வேண்டாம் என்று. அதனால் இரண்டு பேரும் சுவரில் இருப்பார்கள். நீங்கள் இருவரும் சின்னப் படத்துக்கு விழுந்து கும்பிடுங்கள். பெரிய படத்துக்கு முன்னாலும் ஒருக்கால் கைகூப்புங்கள், அது உயிரோடிருக்கிறவருக்குச் செய்கிற மரியாதை. பிறகு வதனா மாமிக்குப் போன் எடுத்து அவரிடமே ஆசீர்வாதம் கேளுங்கள். கலியாணத்தில் ஆயிரம் படம் எடுப்பீர்கள், எல்லாம் போனில் கிடந்து போனோடு போகும். பத்துப் படத்தையாவது தாளில் அடி. இப்போதைய தாளின் பின்பக்கம் பென்சில் பிடிக்காது, பேனை மை ஒட்டும், அதனால் ஒரு துண்டில் யார் யார் என்று எழுதிக் கூட வை. இடப்பக்கம் என்று எழுதினால் யாருடைய இடப்பக்கம் என்றும் எழுது. பெண்சாதி ஒன்றைச் சுட்டிக்காட்டினால் முதலில் அதைப் பார், பிறகு வாதாடு. எனக்கு ஒரு பகல் மிஞ்சியிருக்கும்.

ஒறிஜினலைச் சிவத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதே மட்டை, அதே பை, கைப்பையில். அவன் போய்ச் சேர்ந்த அடுத்த நாள் வதனா வீடியோக் கோல் எடுத்தாள். போனைக் கண்டால் பயந்து முகத்தைத் திருப்புகிற சித்தப்பா, அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். படத்தைத் தடவிக்கொண்டிருந்தார், விரல் அந்த அலை ஓரத்தில் போய்ப் போய் வந்தது. நான் எங்கள் சின்னப் படத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, இதில் யார் சொல்லுங்கோ சித்தப்பா என்றேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேலாலே என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். நரைத்த தலையும் சவரம் செய்யாத தாடையுமாக நான். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் உன் அம்மா சொன்னாள்.

"அண்ணா," என்றார், "எப்ப வந்தனீங்கள்?"

வதனா திருத்தப் போனாள். நான் கையைக் காட்டி மறித்தேன். ஜன்னலடியில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"இப்பதான் தம்பி," என்றேன்.

நீ வா மகன். கையில் சாமான் இருந்தாலும் சுவருக்கு முன்னால் ஒருக்கால் நின்றுவிட்டு உள்ளே வா.

அப்பா